கோயிலில் தள்ளி நின்றாள், சாயங்காலம் மெசேஜ் அனுப்பினாள்

“டர்பனில் ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன், ஊர் கும்பகோணம், வயசு 27. சனிக்கிழமை ராத்திரி சாட்ஸ்வொர்த்தில் ஒரு நண்பன் வீட்டில் பிறந்தநாள் பிராய், நெருப்பில் இறைச்சி வாட்டிச் சாப்பிடுகிற விருந்து. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெண், 26 வயசு, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பதினோரு மணிக்கு மேல் கராஜ் ஓரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவள்தான் முதலில் முத்தம் கொடுத்தாள், நானும் கொடுத்தேன். குளிருக்கு என் ஜெர்சியைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள். நான் மூணு பீர் குடித்திருந்தேன். அவள் கூழ் விரதம், கோலா மட்டும்தான். மறுநாள் கோயிலில் பார்த்தேன். அம்மா பக்கத்தில் நின்றபடி எல்லோருக்கும் சொல்வது போல எனக்கும் ஒரு வணக்கம், அவ்வளவுதான். பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஓகேவா?’ என்று கேட்டேன். உடனே நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு, ‘கூழ் கிடைச்சுதா? ஜெர்சி என்கிட்டதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை வேலை முடிஞ்சதும் வாங்கிக்கிறீங்களா?’ என்று வந்தது. முத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிடித்திருக்கிறதா, இல்லை வருத்தப்படுகிறாளா?”

தம்பி, பிடித்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாதிக்கு மேல் நிச்சயமாகவே சொல்வேன். ஆனால் நீங்கள் எதை வைத்துக் குழம்பினீர்களோ அதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. கோயிலில் தள்ளி நின்றதையும் நீல டிக்கையும் ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அந்த ஐந்தரை மணி மெசேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பொருள் இருக்கிறது, ஒரு கிழமை இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, உங்களிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. வருத்தப்படுகிறவர்கள் மறுநாள் இந்த நான்கையும் ஒரே மெசேஜில் வைப்பது அபூர்வம்.

நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்திருக்கிறேன். பார்ட்டிக்கு அடுத்த திங்கட்கிழமைகளில் என் அறைக்கு வெளியே நிற்கிறவர்களில் பலர் உங்கள் கேள்வியைத்தான் கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் குழப்பம் ஒரே இடத்தில்தான். மற்றவர்களிடமிருந்து விஷயத்தை மறைக்கிற ஆளும், உங்களைத் தவிர்க்கிற ஆளும் கூட்டத்தில் பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள். இரண்டு பேரும் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் வர மாட்டார்கள், ரொம்ப சாதாரணமாகப் பேசுவார்கள். யாரும் பார்க்காத இடத்தில்தான் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியும். மறைக்கிறவர் தனியாக இருக்கும்போது உங்கள் பக்கம் வருவார். தவிர்க்கிறவர் தனியாக இருந்தால் இன்னும் தூரம் போவார். மறுநாளைப் பற்றி நான் சொல்கிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் கோயிலை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஊரிலிருந்து வந்தவர், அதனால் சாட்ஸ்வொர்த் உங்களுக்கு ஒரு புறநகராகத் தெரியும். அது அப்படி உருவான இடம் இல்லை. 1950ஆம் வருஷத்து இனவாரிப் பகுதிச் சட்டத்தை வைத்து, 1960களில் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி, அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் ஏராளம். அந்தப் பெண்ணின் பாட்டியும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பாட்டியும் ஒரே சமயத்தில் அங்கே குடிவந்திருக்கலாம். ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் நாளில் இவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே நிற்கிறார்கள். அங்கே ஒரு பையனைப் பார்த்து அவள் அரை நொடி கூடுதலாகச் சிரித்திருந்தால், மத்தியானம் பாத்திரம் கழுவுவதற்குள் அவள் அம்மாவிடம் யாராவது கேட்டிருப்பார்கள், “அந்தப் பையன் யாரு, இந்தியாவிலிருந்து வந்தவனா?” என்று.

அப்புறம் அந்த விரதம். இங்கே கூழுக்கு விரதம் இருப்பது எப்படி என்று நீங்கள் இந்த இரண்டு வருஷத்தில் பார்த்திருப்பீர்கள். இறைச்சி கிடையாது, மது கிடையாது, சில வீடுகளில் தனிப் பாத்திரம்கூட வைப்பார்கள். பிராய்க்கு வந்து நெருப்புப் பக்கம் போகாமல் கோலாவோடு உட்கார்ந்திருந்த பெண் அதைச் சிரத்தையாக எடுத்துக்கொள்கிறவள். விரத நாளில் இப்படி நடந்துவிட்டதே என்ற உறுத்தல் ஞாயிறு காலை அவளுக்கு இருந்திருக்கலாம். அந்த உறுத்தல் அம்மனிடம். உங்களிடம் வருத்தம் என்று அதற்கு அர்த்தமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம்தான். கரகத்துக்கு முன்னால் நிற்கும்போது அவள் முகம் இறுகியிருந்தது என்றால், அதை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

கோயிலில் கவனிக்க வேண்டியது வேறு. அவள் உங்களைப் பார்த்ததும் இடத்தை விட்டுப் போனாளா, அல்லது பேசாமல் அங்கேயே இருந்தாளா? தவிர்க்கிற ஆள் வழியை மாற்றுவார். நீங்கள் வரிசையில் நின்றால் அவர் கூழ் ஊற்றுகிற இடத்திலிருந்து சமையல் கொட்டகைக்குப் போய்விடுவார், நீங்கள் செருப்பு போடுகிற பக்கம் வரவே மாட்டார். மறைக்கிற ஆள் தன் வேலையைத் தன் இடத்திலேயே செய்துகொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பதில் அவருக்குச் சங்கடம் இல்லை, பார்க்கப்படுவதில்தான் சங்கடம். நீங்கள் எழுதியதில் அவள் அம்மா பக்கத்திலேயே நின்றாள், வணக்கமும் சொன்னாள் என்று இருக்கிறது. ஓடவில்லை. அம்மா முன்னாலேயே வணக்கம் சொன்னதைக்கூட நான் நல்லதாகத்தான் எடுத்துக்கொள்வேன். நடந்ததை நினைத்து அருவருப்பவர்களுக்கு அந்த இடத்தில் அந்த ஒரு வார்த்தைகூட வாயில் வராது.

சரி, நீல டிக். பத்து மணிக்குப் படித்து ஐந்தரைக்குப் பதில் என்றால் ஏழரை மணி நேரம். சாதாரண ஞாயிறாக இருந்தால் அது நீளம்தான். கூழ் நாளில் அது ஒன்றுமே இல்லை. விடியற்காலையில் எழுந்து போய், அண்டா அண்டாவாக மீலி என்கிற மக்காச்சோள மாவில் புளிப்புக் கூழ் காய்ச்சி, வெங்காயம் நறுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றி, மத்தியானம் அண்டாவைத் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துத்தான் ஒரு பெண் தனியாகப் போனை எடுக்க முடியும். போன் அதிர்ந்தபோது அவள் எடுத்துப் பார்த்துவிட்டாள், அதனால் நீலம் விழுந்தது. பதில் எழுத அவளுக்குத் தனிமை வேண்டும். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனிமை கிடைத்த முதல் நேரத்தில் அவள் எழுதியிருக்கிறாள் என்றுதான் அந்த ஐந்தரை மணியை நான் பார்க்கிறேன்.

டிக்கைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதை அமைப்பில் போய் அணைத்து வைக்கலாம், அணைத்தவருக்கு மற்றவர்கள் படித்ததும் தெரியாது. அவள் அணைத்து வைத்திருந்தால் நீங்கள் இந்த ஏழரை மணி நேரமும் இவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டீர்கள், நடந்தது மட்டும் அதேதான். ஒருவருடைய போன் அமைப்பைப் பொறுத்து மாறுகிற அடையாளத்தை அவர் மனசின் அடையாளமாக வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். ‘ஓகேவா?’ என்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவது கஷ்டம். எது ஓகேவா? உடம்பா, முத்தமா, விரதமா, நீங்களா? அதில் உங்கள் மனசு என்ன என்று ஒரு துளியும் இல்லை. நீங்கள் அவளைப் படித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவளும் உங்களைப் படித்துக்கொண்டிருந்தாள் என்பதை மறந்துவிட்டீர்கள். இங்கே பிறந்த பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்கிற பயம் ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து வேலைக்கு வருகிற பையன்கள் இங்கே சிரித்துப் பழகுவார்கள், அப்புறம் ஊரில் அம்மா பார்த்து வைத்த பெண்ணைக் கட்ட லீவு போட்டுப் போய்விடுவார்கள் என்று. அது எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் பயம் நிஜம். முதலில் முத்தம் கொடுத்தவள் அவள். மறுநாள் அவளுக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தை, பீர் குடித்திருந்த பையனிடமிருந்து. ‘இவன் குடித்ததால்தான் நடந்ததோ, இப்போது தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறானோ’ என்று அவள் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

அந்த நிலையில் அவள் எழுதிய பதிலைப் பாருங்கள். முத்தத்தைத் தொடவே இல்லை, ஆனால் ஜெர்சியைத் தொட்டிருக்கிறாள். அந்த ராத்திரியிலிருந்து அவளிடம் மிஞ்சி இருக்கிற ஒரே பொருள் அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க எத்தனையோ வழி இருக்கிறது. பிறந்தநாள் கொண்டாடிய நண்பன் வீட்டில் வைத்துவிட்டு ‘அங்கே எடுத்துக்கோங்க’ என்று சொல்லலாம், தம்பியிடம் கொடுத்தனுப்பலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, நேரில், வேலை முடிந்ததும், சாட்ஸ்வொர்த் கண்கள் இல்லாத நேரத்தில் என்று அவளே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மனசில் இருப்பதைச் சொல்லாமல், அதைச் சொல்வதற்கு ஒரு இடத்தை மட்டும் ஏற்பாடு செய்திருக்கிறாள். கௌரவமான வழி அது. நீங்கள் ‘வேண்டாம்’ என்றால் அவளுக்கு அவமானம் இல்லை, ஜெர்சியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அந்த மெசேஜ் இங்கிலீஷில்தான் வந்திருக்கும், நீங்கள் தமிழில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது வறட்சியாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். நம் ஊரில் ஒரு பெண் ‘சாப்பிட்டீங்களா’வுக்கும் ‘சாப்டியா’வுக்கும் நடுவில் எவ்வளவோ சொல்லிவிடுவாள். டர்பன் பிள்ளைகளின் இங்கிலீஷில் அந்த நீங்களும் நீயும் இல்லை, எல்லாம் ஒரே சொல். ‘கூழ் கிடைச்சுதா?’ என்று அவள் கேட்டதுதான் அதன் ஈடு. வரிசையில் நீங்கள் நின்றதை அவள் கவனித்திருக்கிறாள்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். நல்ல அடையாளம் என்று நினைப்பது எப்படி ஏமாற்றும் என்பதற்காக. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பையன் வந்தான், வயசு 23. டர்பனில் மஸ்கிரேவ் பக்கம் ஒரு வீட்டில் வருஷக் கடைசிப் பார்ட்டி, கூடப் படிக்கிற பெண்ணோடு முத்தம். மறுநாள் அவன் அனுப்பிய ஒவ்வொரு மெசேஜுக்கும் ஐந்து நிமிஷத்துக்குள் பதில் வந்தது. சிரிக்கிற முகங்கள், ஆச்சரியக்குறிகள், எல்லாம் இனிமையாக. திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவன் ஆகாயத்தில் மிதந்தான். மூன்று வாரம் கழித்து, வெளியே போகலாமா என்று கேட்டபோது அவள் அழுதுவிட்டாள். அவன் என் அறைக்கு வந்து போனை மேஜையில் வைத்து, “மேடம், நீங்களே படிச்சுப் பாருங்க, நான் எங்கே தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்?” என்று கேட்டான்.

படித்தேன். பக்கம் பக்கமாக இருந்தது. அவள் எழுதியதில் ஒரு கேள்விகூட இல்லை. அவன் கேட்டதற்கெல்லாம் அன்பாகப் பதில் சொல்லியிருந்தாள், தானாக எதையும் தொடங்கவில்லை. அந்த ராத்திரியைப் பற்றி அவன் பேச்செடுத்த இரண்டு இடத்திலும் அவள் எழுதியிருந்தது ஒன்றுதான்: “அன்னைக்கு நாம எல்லாருமே ஆட்டம் போட்டோம்.” நாம எல்லாரும். இரண்டு பேருக்கு நடுவில் நடந்ததை முப்பது பேருக்கு நடுவில் கரைத்துவிடுகிற சொல் அது. இதைவிடத் தெளிவான மறுப்பை மறுநாள் மெசேஜ்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. அவன் அதைப் படிக்கவே இல்லை, பதில் வந்த வேகத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஏன் அவள் அவ்வளவு வேகமாக, அவ்வளவு இனிமையாக இருந்தாள்? பிறகு தெரிந்தது. அவளுக்கு அந்த ராத்திரி துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது. காலி வயிற்றில் வேகமாகக் குடித்தால் ரத்தத்தில் மதுவின் அளவு சட்டென்று ஏறும். அப்போது மூளை நடப்பதைப் பதிவு செய்வதை விட்டுவிடும். ஆள் நடப்பார், பேசுவார், பாட்டுக்கு ஆடுவார், எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் நடுவில் நடுவில் ஓட்டை இருக்கும். முத்தம் எப்படித் தொடங்கியது, யார் தொடங்கியது, வேறு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதோடு போதை இறங்கும் நாளில் வருகிற படபடப்பு. அந்தப் பயத்தில் அவள் அவனைச் சமாதானமாக வைத்துக்கொண்டாள். எல்லாம் சாதாரணம் என்று காட்ட அவ்வளவு பாடுபட்டாள். அவன் அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டான்.

அவன் கெட்டவன் இல்லை. ஆண்களிடம் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். 1982இல் அன்டோனியா ஏபி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஐந்து நிமிஷம் பேசுவார்கள், இன்னொரு ஆணும் இன்னொரு பெண்ணும் மறைவிலிருந்து பார்ப்பார்கள். அதே பேச்சை ஆண்கள் பார்த்தபோது, அந்தப் பெண்ணிடம் பாலியல் ஆர்வம் இருப்பதாகப் பெண்களைவிட அதிகமாக மதிப்பிட்டார்கள். சிநேகமாக இருந்ததை ஆசையாகப் படித்தார்கள். அதனால்தான் இனிமையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளாக ஒன்றைத் தொடங்கினாளா, அது இரண்டு பேருக்கு மட்டுமானதா என்றுதான் பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் இரண்டும் இருக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றிரவு அந்த ஆள் தள்ளாடுகிற அளவுக்குக் குடித்திருந்தால், மறுநாள் ‘பிடித்திருக்கிறதா’ என்ற கேள்விக்கே இடமில்லை. தென்னாப்பிரிக்காவின் 2007ஆம் வருஷத்துப் பாலியல் குற்றச் சட்டத்தில், மதுவால் ஒருவருடைய நினைவோ நிதானமோ கெட்டிருந்தால் அவர் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது. வாயோடு வாய் வைத்த முத்தமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அப்படிப்பட்ட ராத்திரிக்கு மறுநாள் அனுப்ப வேண்டியது, நலமாக இருக்கிறீர்களா, என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமா என்ற விசாரிப்பு மட்டும்தான். பதிலில் ‘தெரியவில்லை’ என்று வந்தால் நடந்ததை உள்ளபடி சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

உங்கள் ராத்திரி அப்படி இல்லை. அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, அவள்தான் தொடங்கினாள். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது அதுதான், நீங்களோ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். போதையில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வழியே இல்லை. தெளிவாக இருந்த ஒரு பெண், விரதத்தில் இருந்த ஒரு பெண், அதைச் செய்திருக்கிறாள். அதே காரணத்துக்காக மறுநாள் அவளுக்குக் கூச்சமும் அதிகமாக இருக்கும். மூணு பீர் குடித்த உங்களுக்கு ஒரு சாக்கு இருக்கிறது, அவளுக்கு அது கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தப் ‘பாதிக்கு மேல்’ என்பதைத் தாண்டி முழு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், காரணம் சொல்கிறேன். பிடித்ததால்தான் முத்தம் என்று நாம் நினைக்கிறோம். பல பேருக்கு அது பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்கிற வழியாகவும் இருக்கிறது. 2007இல் அமெரிக்காவில் ஹியூஸ், ஹாரிசன், கேலப் என்ற மூவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் முத்தத்தைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். எதிரில் இருப்பவர் நமக்குச் சரிப்படுவாரா என்று எடைபோடுவதற்கு ஆண்களைவிடப் பெண்கள் முத்தத்தை அதிகம் நம்புகிறார்கள் என்பது அதில் தெரிந்த முக்கியமான ஒன்று. உங்கள் தோழியும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடைபோட்டுக்கொண்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை என்று இரண்டு நாள் தள்ளி வைத்ததில் அந்த அவகாசமும் அடக்கம். மறுநாள் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து, அவர் வாசலைச் சாத்திவிட்டாரா திறந்து வைத்திருக்கிறாரா என்று சொல்லலாம். உள்ளே வரச் சொல்வாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. ஜெர்சி மெசேஜுக்கு இன்றைக்கே பதில் எழுதுங்கள், இதற்குள் எழுதவில்லை என்றால். ‘செவ்வாய் சரி, அஞ்சே காலுக்கு வரேன். உங்களைப் பார்க்கணும்னுதான் இருந்தேன், ஜெர்சி அவசரமில்லை’ என்ற அளவு போதும். முத்தத்தைப் பற்றி அதில் எழுதாதீர்கள். அவள் போன் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அவளே எழுத்தில் அதைத் தொடவில்லை, அதற்கு மரியாதை கொடுங்கள். பிறந்தநாள்காரனிடம் விசாரிக்கச் சொல்லாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒருவனிடம் சொன்னால் அவன் வீட்டுக்கே தெரியும். அவள் மறைத்து வைத்திருப்பதை நீங்கள் அவிழ்த்துவிட்டால், அதுவரை இருந்த விருப்பமும் அங்கேயே முடிந்துவிடும். நல்லபடியாகப் போயிருக்க வேண்டிய இரண்டு மூன்று இப்படிக் கெட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நேரில் பார்க்கும்போது பேச்சைச் சுற்றி வளைக்காமல் நீங்களே ஆரம்பியுங்கள். அவள் ஒரு முறை ஆரம்பித்துவிட்டாள், மறுபடி அவளையே ஆரம்பிக்க விடக் கூடாது. “சனிக்கிழமை நடந்தது எனக்குப் பிடிச்சிருந்தது. குடிச்சதனால இல்லை. உங்களுக்கு வேற மாதிரி தோணினா அதையும் சொல்லலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.” இவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் பலருக்கு வருவதில்லை. பயத்தில் தாங்களே மேலே மேலே பேசி, அவள் சொல்ல வந்ததை விழுங்க வைத்துவிடுவார்கள்.

அவள் ‘கூழ் சீசன் முடியட்டும்’ என்றால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கோயிலிலும் ஒவ்வொரு ஞாயிறு ஊற்றுவார்கள், ஆடி முழுக்க விரதம் இருக்கிற வீடுகளும் உண்டு. ஆகஸ்ட் நடுவில் அது முடிந்துவிடும். ‘எனக்குக் குழப்பமா இருக்கு’ என்றாலும் அது உண்மையான பதில்தான், அடுத்து எப்போது பேசலாம் என்று மட்டும் கேளுங்கள். ‘ஃப்ரெண்ட்ஸா இருப்போம்’ என்றால் முடிந்தது, அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை வராமல் தள்ளிப்போட்டால், தள்ளிப்போடும்போது வேறொரு நாள் சொல்கிறாளா என்று பாருங்கள். நாள் சொன்னால் நிஜமாகவே வேலை. நாள் சொல்லாமல் ‘பார்க்கலாம்’ என்றால், ஒரு வாரம் விட்டு நீங்கள் ஒரே ஒரு முறை கேட்கலாம். அதற்கும் ‘பார்க்கலாம்’தான் என்றால் விட்டுவிடுங்கள். ஜெர்சி தம்பி கையில் வந்து சேர்ந்தால் அதுவும் ஒரு பதில்தான், அதை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்லிவிடுங்கள். துவைத்து வந்ததா, சென்ட் வாசனை இருக்கிறதா என்று அதில் தேட ஒன்றும் இல்லை.

இடம் பற்றி மட்டும் ஒன்று. செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு உகந்த நாள், அவள் விரதம் அன்றைக்கும் இருக்கலாம். அதனால் பர்கர் கடை, ரொட்டியைக் குடைந்து கோழிக்கறி நிரப்புகிற ‘பன்னி சௌ’ விற்கிற இடம் எதற்கும் கூப்பிடாதீர்கள். கடற்கரை நடைபாதை அழகுதான், ஆனால் இந்தக் குளிர் மாசத்தில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். வேலை முடிந்து நீங்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும், அவள் தனியாக இருட்டில் வந்து நிற்க வேண்டியிருக்கும். அவள் வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெளிச்சமாக, நாலு பேர் இருக்கிற ஒரு டீக்கடையை அவளையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவாள் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவள் ஜெர்சி போடாமல் வந்து குளிர்ந்தால் உங்களுடையதை மறுபடி அவளிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.